சாந்தாமணி கொடுத்த மூன்று

சாந்தாமணிக்கு டார்கெட் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இறந்துபோன வங்கி மேலாளர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் டார்கெட்டை வெறுத்தவர், மனிதர்களை நேசித்தவர் என்று பேசுவதுதான் வழக்கம். சாந்தாமணி இரண்டையும் நேசித்தார்.

சிங்காநல்லூரில் ஒரு மில் தொழிலாளியின் மகள். பி.காம். முடித்ததும் ஒரு தனியார் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். காசாளர், அலுவலர், உதவி மேலாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஐம்பதைத் தாண்டிய பிறகு பொள்ளாச்சிக் கிளைக்கு மேலாளராக வந்தார். வீட்டை மாற்றவில்லை. தினமும் உக்கடத்தில் பஸ் பிடித்துப் போய் வந்தார். வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. தோப்பு நிற்கும். "ஆனைமலை ரோட்டுல, கிணத்தையொட்டி இளநீர் மரம் வெச்சிருக்கறவரு" என்பார். அந்த ஆளே எதிரில் உட்கார்ந்திருப்பார். அதில் யாருக்கும் வருத்தமில்லை. பொள்ளாச்சியில் பெயரைவிடத் தோப்பைச் சொல்வதுதான் மரியாதை.

மாதக் கடைசியில் கிளையின் விற்பனை இலக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டினால் உக்கடத்தில் இறங்கியதும் கணவர் கதிர்வேலுக்குத் தேங்காய் பன் வாங்குவார். கதிர்வேல் பொட்டலத்தைப் பார்த்தே கேட்பார்: "என்ன, ஜெயிச்சாச்சா?"

"தாண்டியாச்சுங்க."

கிளையில் ஆறு பேர். அதில் இருவருடைய வேலை வாடிக்கையாளர்களிடம் பேசி டெபாசிட், கடன், காப்பீடு ஆகியவற்றைக் கொண்டுவருவது. ஒருவன் நவநீத். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் சிரிக்காமல் போகமாட்டார். இன்னொருவர் லோகப்பிரியா. ஆனைமலையிலிருந்து வருபவர். கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார். தினமும் மாலை, கிளையின் வாட்ஸ்அப் குழுவில் சாந்தாமணியிடமிருந்து ஒரு செய்தி வரும்: "இன்னைக்கு எத்தனை லாகின்?" ஒரு காப்பீட்டு விண்ணப்பம் முழுமையாகக் கணினியில் ஏறினால் அது ஒரு லாகின். நவநீத் ஒரு எண்ணைப் போட்டு அதன் பக்கத்தில் ஒரு ராக்கெட்டும் விடுவான். லோகப்பிரியா பெரும்பாலும் பூஜ்யம் போடுவார். ராக்கெட் எதுவும் இருக்காது.

அந்த ஆண்டு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலையில் கிளை காப்பீட்டு இலக்கை ஒரு மயிரிழையில் தாண்டியது. கடைசி நேரத்தில் வந்த லாகின் நவநீத் கொண்டுவந்தது. சாந்தாமணி தேங்காய் பன் வாங்கினார்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. சந்தை நாள் என்பதால் கிளையில் கூட்டம் நெரிந்தது. ஏசி பழுதாகிக் கிடந்தது, மேலாளர் அறையின் கண்ணாடிக் கதவு திறந்தே இருந்தது. வேங்கடசாமி ஒரு தடித்த உறையோடு வந்தார். நெடுஞ்சாலை அகலப்படுத்தியபோது அவருடைய தோப்பில் ஒரு பகுதி போயிற்று. அதற்கு வந்த இழப்பீடு இந்தக் கிளையில்தான் இருந்தது.

"ஏனுங் அம்மணி, அந்தத் தம்பி எங்க?"

"நவநீத் லீவுங்க. உக்காருங்க, நான் பாக்கறேன்" என்றார் லோகப்பிரியா.

"டெபாசிட் போட்டனுங்க. பத்திரம் ஊட்டுக்கே வரும்னாப்டி. பாத்தா இத்தனை பெருசா வந்திருக்குது. பேரன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கனமா பத்திரிகை அடிக்கலைங்க."

லோகப்பிரியா உறையிலிருந்த தாள்களைப் புரட்டினார். நிதானமாக இன்னொரு முறை புரட்டினார்.

"இது டெபாசிட் இல்லைங்க. ஆயுள் இன்சூரன்ஸ். வருசா வருசம் இதே தொகையைக் கட்டோணும். பத்து வருசத்துக்கு."

"வருசா வருசமா?" வேங்கடசாமி சிரித்தார். லோகப்பிரியா கேலி செய்கிறார் என்றே நினைத்தார். "ரோட்டுக்காரன் நிலத்தை எடுத்தது ஒருவாட்டிதானுங்களே. வருசா வருசம் எடுத்தா நான் எங்க போறது?"

லோகப்பிரியா சிரிக்காததைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து உங்களுக்கு போன் வந்திருக்குமே? இதெல்லாம் கேட்டிருப்பாங்களே?"

"வந்துச்சுங்க. ஒரு பொண்ணு பேசுச்சு. போன் வரும், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருங்கன்னு தம்பி முன்னாடியே சொல்லிப்போட்டாப்டி. நானும் ஆமாங்க, ஆமாங்கன்னேன். உங்க தோப்பை எழுதித் தாரீங்களான்னு கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்."

பக்கத்துக் கவுண்டரில் நின்றிருந்த கொப்பரை வியாபாரி சத்தமாகச் சிரித்துவிட்டார்.

அறைக்குள் சாந்தாமணியின் பேனா நின்றிருந்தது. அவர் மனதில் அப்போது என்ன ஓடியது என்பதைப் பின்னால் கதிர்வேலிடம் ஒளிக்காமல் சொன்னார்: 'நவநீத் நாளைக்கு வருவான், வந்து பாருங்க' என்று லோகப்பிரியா சொல்லிவிட மாட்டாளா என்று அவர் மனம் தவித்தது. நவநீத் வந்தால் பேசியே சரிக்கட்டிவிடுவான். இப்படியே நாள் கடத்தினால் பாலிசியை ரத்துச் செய்வதற்கான கெடுவும் தாண்டிவிடும்.

லோகப்பிரியா அப்படிச் சொல்லவில்லை. "பத்திரம் கைக்கு வந்து முப்பது நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா ரத்துப் பண்ணலாமுங்க. முத்திரைச் செலவும், இத்தனை நாள் காப்பீடு இருந்ததுக்கான தொகையும் புடிச்சுட்டு மீதியைக் குடுத்துருவாங்க. உங்களுக்கு அந்தப் பணம் எப்ப வேணும்?"

"ஆடி கழிச்சு ஊட்டுக்குக் கடைக்கால் போடோணும்."

"அப்ப இது உங்களுக்கு ஆகாதுங்க." தாள்களை உறைக்குள் வைத்தார். "இன்னொன்னு. டெபாசிட்டுன்னு சொல்லித்தான் குடுத்தாங்கன்னா அதைப் புகாராப் பதியோணும். பதியட்டுங்களா?"

"தம்பிக்கு வேலை போயிருமுங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. விசாரிப்பாங்க."

வேங்கடசாமி உறையைக் கையில் எடுத்தார். "நல்ல பையந்தான். எனக்கு மோர் வாங்கிக் குடுத்தாப்டி." பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பதிஞ்சுபோடுங்க அம்மணி."

அந்த மாதம் முடிவதற்குள் தொலைபேசி வந்தது. பொள்ளாச்சி, உடுமலை, வால்பாறைப் பக்கத்துக் கிளைகளுக்கெல்லாம் தலைவர் கிருபாசங்கர். சாந்தாமணியைவிடப் பத்து வயது இளையவர். ஏப்ரலில் ரத்தாகும் காப்பீடு மார்ச் கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்பது வங்கியின் விதி. கழித்ததும் கிளை நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"மேடம், உங்க கிளையோட சேந்து என்னோட மொத்தக் கணக்கும் இறங்கிருச்சுங்க. காசு திரும்பக் குடுத்தாச்சில்ல? அப்புறம் புகார்னு எதுக்குங்க நிக்குது? அதைக் கோரிக்கைன்னு மாத்தி மூடிருங்க. வாடிக்கையாளர் ரத்துக் கேட்டாரு, ரத்துப் பண்ணியாச்சு. அவ்வளவுதான்."

"பாக்கறனுங்க சார்."

"அப்புறம் மதிப்பீட்டு நேரம் வந்திருச்சு. நவநீத்துக்கு ஐந்து. பதவி உயர்வுப் பட்டியல்ல அவன் பேர் இருக்குது. இந்தப் புகார் நின்னா மூணுக்கு மேல போட முடியாது. லோகப்பிரியா காப்பீட்டுல மூணுல ஒரு பங்குகூட எட்டலை. இரண்டு போட்டு அனுப்புங்க. கீழ் வரிசைக்கு எனக்கு ஒரு பேர் வேணுமுங்க. யாரையாவது போட்டுத்தான் ஆகோணும்."

அந்த வங்கியில் ஆண்டு மதிப்பீடு ஒன்றிலிருந்து ஐந்து வரை. மேலாளர் போடுவார். கிருபாசங்கர் போன்றவர் பார்த்து ஒப்புக்கொள்வார். பிறகு மண்டல அளவில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, மேலே இத்தனை பேர், கீழே இத்தனை பேர் என்று சமன் செய்வார்கள். இரண்டு வாங்கியவர் 'மேம்பாட்டுத் திட்டம்' என்ற ஒன்றில் போவார். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று மாதக் கெடு, வாராவாரம் கூட்டம், எட்ட முடியாத எண். அதில் போனவர்களில் திரும்பி வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தவரைச் சாந்தாமணி பார்த்ததில்லை.

லோகப்பிரியாவுக்கு இந்த வேலை தேவை. கணவனின் உரக்கடை படுத்துவிட்டிருந்தது. கிளையில் எல்லாருக்கும் அது தெரியும்.

மதிப்பீட்டுப் பக்கத்தைச் சாந்தாமணி திறந்தார். வணிகத்துக்கு அறுபது. சேவைக்கு இருபது. விதிகளைக் கடைப்பிடித்ததற்கு இருபது. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கடைசிக் கட்டத்தை அவர் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார். புகார் இல்லையென்றால் முழு இருபது. எல்லா மேலாளர்களும் அப்படித்தான் செய்தார்கள். அந்த ஆண்டும் கை தானாகவே போயிற்று. இருபது, இருபது, இருபது. நவநீத்தின் வரிசையில் இருபதைப் போட்டு, அடுத்து லோகப்பிரியாவின் வரிசையிலும் அதையே போட்ட பிறகுதான் கை நின்றது.

இரண்டு பேருக்கும் ஒரே எண்.

எல்லாருக்கும் முழுதாகக் கிடைக்கிற மதிப்பெண் எதையும் அளப்பதில்லை. விற்றது கணக்கில் வரும். விற்காமல் விட்டது எந்தக் கட்டத்திலும் வராது. வேங்கடசாமியைப் போன்ற பத்துப் பேரை லோகப்பிரியா 'இது உங்களுக்கு ஆகாதுங்க' என்று திருப்பி அனுப்பியிருந்தால் அவர்களிடமிருந்து புகாரே வந்திருக்காது. வராத புகாருக்கு இருபது. வந்து மூடப்பட்ட புகாருக்கும் இருபது.

மண்டல அலுவலகத்தில் விதிமுறைப் பிரிவில் ஆரிஃப் இருந்தார். வேங்கடசாமியின் புகாரை விசாரித்தவர் அவர்தான். கிளையில் பதிவான புகாரைக் கிளையே விசாரிக்கக் கூடாது. சாந்தாமணி அவரை அழைத்தார்.

"ஆரிஃப், நவநீத்தும் லோகப்பிரியாவும் போன வருசத்துக்கு முந்தின வருசம் குடுத்த பாலிசியில, ரெண்டாவது வருசப் பணம் எத்தனை பேர் கட்டியிருக்காங்கன்னு பாக்க முடியுமுங்களா?"

"முடியும் மேடம். அது கம்பெனி மாசாமாசம் அனுப்பும். ஆனா மதிப்பீட்டுல அதுக்குக் கட்டமே இல்லையே."

"இல்லைங்கறது தெரியுமுங்க. நீங்க அனுப்புங்க."

வந்தது. லோகப்பிரியா விற்றவை கொஞ்சம்தான். ஒருவரைத் தவிர எல்லாரும் இரண்டாம் ஆண்டும் கட்டியிருந்தார்கள். நவநீத் விற்றவற்றில் பாதிக்குப் பாதி அந்தரத்தில் நின்றுபோயிருந்தன. கட்டிய முதல் தவணையில் பெரும்பகுதியை அந்த மனிதர்கள் இழந்திருப்பார்கள்.

ஆரிஃப் இன்னொன்றும் கேட்டார். "மேடம், அறிக்கையில மேற்பார்வை எப்படி இருந்ததுன்னு எழுதணும். கிளையில அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"எழுதித் தாரனுங்க" என்றார் சாந்தாமணி. அன்று பஸ்ஸில், குழுவில் தான் போட்ட செய்திகளைத் தானே மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். 'இன்னைக்கு எத்தனை லாகின்?' கிணத்துக்கடவு வரை அதேதான் வந்தது. அந்த ஆள் யார், அவருக்கு எதற்கு இந்தக் காப்பீடு என்று கேட்ட செய்தி ஒன்றுகூட இல்லை.

மறுநாள் லோகப்பிரியாவை அழைத்தார். சுயமதிப்பீட்டில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'காப்பீட்டில் இலக்கை எட்டவில்லை.'

"உக்காரு அம்மணி. இவ்வளவுதானா எழுதறதுக்கு?"

"வேறென்னங்க மேடம் எழுதறது? எட்டலைதானே."

"வேங்கடசாமி விசயத்தை எழுதியிருக்கலாமே."

"அது சாதனைங்களா மேடம்? இருக்கறதைச் சொன்னேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்கு ரெண்டுன்னு பேசிக்கறாங்க. அப்படித்தானுங்களா?"

"யாரு பேசறாங்க?"

"காபி கொண்டுவாரவர் வரைக்கும் தெரியுதுங்க மேடம்."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இன்னும் நான் போடலை. அதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளு. நீ அந்தப் பெரியவருக்குச் சொன்னது சரி. புகாராப் பதிஞ்சதும் சரி. அதை யாரும் மாத்த மாட்டாங்க, நான் இருக்கற வரைக்கும். ஆனா உனக்கு நான் நாலு போடப் போறதில்லை."

லோகப்பிரியா நிமிர்ந்து பார்த்தார்.

"கொப்பரைக் களம் வெச்சிருக்கறாப்டியே, ரெண்டு சின்னப் புள்ளைங்க, நம்மகிட்டப் பெரிய கடன். அவரு உன் மேசைக்கு எத்தனைவாட்டி வந்திருக்காரு?"

"மாசம் ரெண்டு, மூணுவாட்டி வருவாருங்க."

"அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கடனை யாரு கட்டுவா? குறைஞ்ச பணத்துல, சேமிப்பு கீமிப்பு ஒன்னும் இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு ஒன்னு இருக்குதில்ல, அதைப் பத்தி ஒருநாளாச்சும் அவருகிட்டப் பேசினயா?"

"இல்லைங்க மேடம்."

"ஏன்?"

 "பேசினா, இவளும் தள்ளிவிடப் பாக்கறான்னு நெனைப்பாங்கன்னு பயமா இருக்குதுங்க."

"அதான் அம்மணி. வேண்டாம்னு சொல்றதுல நீ கெட்டிக்காரி. வேணும்கறவங்களுக்கு வேணும்னு சொல்றதும் உன் வேலைதான். கடனுக்கு இதை எடுத்தே ஆகோணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது. அது தப்பு. ஆனா இப்படி ஒன்னு இருக்குது, உங்க புள்ளைங்களுக்கு ஆகும்னு சொல்லாம விட்டா அதுவும் தப்புதான். அந்த ஆளு நாளைக்கு இல்லாமப் போனா, அந்தப் பொம்பளை வந்து உன் மேசையிலதான் நிக்கும்."

லோகப்பிரியாவின் கண் கலங்கியது. திட்டியதற்கு இல்லை என்று அவரே பின்னால் சொன்னார். வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் எண்ணைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள், வேலையைப் பற்றிப் பேசியதில்லை.

"மூணுதான் போடறேன். மூணுக்கு மேல இந்த வருசம் நீ வேலை செய்யலை. மூணுக்குக் கீழேயும் செய்யலை."

நவநீத்திடம் பேசுவது அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்று என்றதும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று.

"நான் பொய் சொல்லலைங்க மேடம். டெபாசிட் மாதிரின்னுதான் சொன்னேன்."

"மாதிரின்னா? உங்கப்பாவுக்கு இப்படிக் குடுப்பியா கண்ணு?"

 நவநீத் மரியாதை குறையாமலே சொன்னான்: "மேடம், டெய்லி சாயந்தரம் எத்தனை லாகின்னு கேட்டது யாருங்க? எப்படிப் புடிச்சேன்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா? கடைசி நாள் ராத்திரி நீங்க எனக்குக் கைதட்டற பொம்மை அனுப்பினீங்க."

"அனுப்பினேன்" என்றார் சாந்தாமணி. "அதையும் எழுதறேன்."

எழுதினார். ஆரிஃபின் விசாரணைக்கு எழுதிக் கொடுத்த பதிலிலும், தன்னுடைய சுயமதிப்பீட்டிலும் ஒரே விஷயத்தை எழுதினார்: எண்ணை மட்டும் கேட்டது நான், யாருக்கு, எதற்கு என்று கேட்காததும் நான், இனி லாகினுக்கு முன் வாடிக்கையாளரிடம் கிளையிலிருந்து வேறொருவர் பேசி உறுதி செய்வார். லோகப்பிரியாவின் பக்கத்தில் இரண்டாம் ஆண்டு கட்டியவர்களின் விவரத்தை இணைத்தார். கொப்பரைக் களத்துக்காரரைப் பற்றிய குறையையும் விடவில்லை. புகாரைக் கோரிக்கையாக மாற்றவில்லை.

கிருபாசங்கர் நேரிலேயே வந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஏசி இன்னும் வேலை செய்யவில்லை. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், உங்களுக்கு நீங்களே குழி வெட்டியிருக்கீங்க. மேற்பார்வையில குறைன்னு நீங்களே எழுதினா நான் உங்களுக்கு எப்படிங்க மூணு போடறது?"

"ரெண்டு போடுங்க சார்."

"சும்மா பேசாதீங்க."

"சும்மா பேசலைங்க. கீழ் வரிசைக்குப் பேர் வேணும்னீங்க. உண்மையான பேரைப் போடுங்க."

"மேலாளர் வரிசை வேற, அலுவலர் வரிசை வேற. உங்க பேரைப் போட்டு அந்தப் பொண்ணைக் காப்பாத்த முடியாதுங்க." நாற்காலியில் சாய்ந்தார். இணைத்திருந்த விவரத்தை மீண்டும் திறந்து பார்த்தார். "இந்த இரண்டாம் வருசக் கணக்கு. இது எல்லாக் கிளைக்கும் இருக்குதா?"

"ஆரிஃப்கிட்டக் கேட்டா வருமுங்க."

"கேட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவராகவே சிரித்தார். சாந்தாமணியும் சிரித்தார். அறைக்குள் காற்று கொஞ்சம் இளகிற்று.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "உடுமலையில ஒருத்தர் ராஜினாமா குடுத்திருக்காரு. வேற பேங்க்ல சேந்தாச்சு, இங்க என்ன போட்டாலும் அவருக்கு ஒன்னும் ஆகப் போறதில்லை. கீழ் வரிசைக்கு அவர் பேரை வேற ஒருத்தரைக் காப்பாத்தறதுக்காக எடுத்து வெச்சிருந்தேன். என் மச்சான் கிளையில ஒரு பையன். சரி. அந்தப் பேரை இப்ப லோகப்பிரியாவுக்குப் பதிலாப் போடறேன். அவன் இந்த வருசம் அவன் பாட்டை அவனே பாத்துக்கட்டும்."

அப்படி ஒரு பெயரைக் கைவசம் வைத்திருப்பது எல்லாரும் செய்வது. யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள். கிருபாசங்கர் சொன்னார்.

"சார், ரொம்ப…"

"நன்றியெல்லாம் வேண்டாமுங்க. சமன் செய்யற கூட்டத்துல நாலு பேர் என்னைக் கடிப்பாங்க. நீங்க எழுதினதை நான் வெட்டலை. அவ்வளவுதான் என்னால முடியும்."

வெட்டவில்லை. ஜூனில் முடிவு வந்தது. லோகப்பிரியாவுக்கு மூன்று. நவநீத்துக்கு மூன்று. ஒரு எச்சரிக்கைக் கடிதமும், விற்பனைத் தகுதித் தேர்வை மறுபடி எழுத வேண்டும் என்ற உத்தரவும் அவனுக்கு வந்தன. பதவி உயர்வு இல்லை. ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தான். பிறகு பேச ஆரம்பித்துவிட்டான், அவனால் முடியாது. சாந்தாமணிக்கு இரண்டு. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வேலையில் முதல் முறை. மூன்று மாதம் அவரும் மேம்பாட்டுத் திட்டத்தில் இருந்தார். வாராவாரம் கிருபாசங்கர் தொலைபேசியில் கூட்டம் நடத்துவார். பாதி நேரம் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும்தான் பேசினார்கள். அதிலிருந்து அவர் திரும்பி வந்தார். அப்படித் திரும்பிய முதல் ஆளை அவரே பார்த்துக்கொண்டார், கண்ணாடியில்.

இரண்டு என்று தெரிந்த அன்று உக்கடத்தில் இறங்கி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். கதிர்வேல் கையைப் பார்த்தார்.

"தோத்தாச்சுங்க" என்றார் சாந்தாமணி. சோறு போட்டுக்கொண்டு வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டார். அந்த ஆண்டு முழுவதும் அவர் ஒருவரையும் குறை சொல்லவில்லை. தன்னோடு வேலை செய்தவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அந்தப் புள்ளை அன்னைக்கு 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லியிருந்தா நான் என்ன ஆயிருப்பேன் என்பார். கிருபாசங்கரையும் சொல்வார். "அந்த மனுசன் வெட்டியிருக்கலாம். வெட்டலை."

பிப்ரவரியில், பஸ் நிறுத்தத்திலேயே மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேரை வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தோப்பைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார்கள்.

பதினாறு நாள் காரியம் முடிந்து, சாந்தாமணியின் கணக்கை முடிக்கக் கதிர்வேல் மகள் ஷ்ரவ்யாவோடு பொள்ளாச்சிக் கிளைக்குப் போனார். கதிர்வேல்தான் அந்தக் கணக்கின் நாமினி. மேலாளர் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். லோகப்பிரியா எழுந்து வந்து கதிர்வேலின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் மேசைக்கு எதிரில் உட்காரவைத்தார். இறப்புச் சான்றிதழைப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டார். 

பணிக்கொடையும் சேமிப்பும் சேர்ந்து கதிர்வேல் வாழ்நாளில் பார்த்திராத தொகை வரவிருந்தது. பக்கத்து மேசையிலிருந்து நவநீத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனான்.

"இதை எதுலீங்க அம்மணி போடறது?" என்றார் கதிர்வேல். "நீங்களே ஏதாச்சும் பாத்துப் போட்டுவிடுங்க. எனக்கு ஒன்னும் ஓடலை."

அது மார்ச் மாதம். இலக்கு முடியச் சில நாட்கள்தான் இருந்தன. லோகப்பிரியா எதை நீட்டியிருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"எதுலயும் போட வேண்டாமுங்க" என்றார் லோகப்பிரியா. "ஆறு மாசம் சாதாரண டெபாசிட்ல கெடக்கட்டும். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கற மாதிரி. யாரு வந்து என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், இப்ப எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

கதிர்வேல் தலையாட்டினார். மகள் தாள்களை அடுக்கி எழுந்தார்.

"இருங்க. ஒன்னு மட்டும்." லோகப்பிரியாவின் குரலில் லேசான நடுக்கம் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "உங்க ஆஸ்பத்திரிக் காப்பீடு மேடம் வேலையோட சேந்து இருந்துச்சுங்க. அது இனிமே இருக்காது. உங்களுக்கு சுகர் இருக்குது. அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாதுங்க, இந்த வாரமே எடுக்கோணும். எங்ககிட்டத்தான் எடுக்கோணும்னு இல்லை. மூணு கம்பெனி எழுதித் தாரேன், பாப்பா வீட்ல ஒப்பிட்டுப் பாக்கட்டும். சுகர் இருக்கறதை ஒளிக்காம எழுதுங்க. போன் வந்தா கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லுங்க."

எழுதிக் கொடுத்தார். கதிர்வேல் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாந்தாமணி உங்களை நல்லா வளத்தியிருக்காளுங்க அம்மணி" என்றார்.